உரலும் மத்தளமும்: தமிழ் தெரியாத சக ஊழியருக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

இரவுப்பணி

வாடிக்கையாளருக்கும் நிரலர் குழுவுக்கும் நடுவில் நிற்கிற வேலை என்னுடையது. வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனால் வாடிக்கையாளர் என்னைப் பிடிப்பார். தேதியைப் பிடிக்கச் சொன்னால் குழு என்மேல் பாயும். போன வாரக் கூட்டத்தில் அலுத்துப்போய் "உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று தமிழிலேயே முனகிவிட்டேன். இணைப்பில் இருந்தவர்களில் இருவருக்குத் தமிழ் தெரியாது. ஒருவர் ஹிந்திக்காரர், இன்னொருவர் போலந்துக்காரர். என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். "மோர்ட்டார் ஒரு பக்கம் அடி வாங்கும், டிரம் இரண்டு பக்கமும் அடி வாங்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

போலந்துக்காரர் உண்மையான அக்கறையோடு, "உன்னை யார் அடிக்கிறார்கள்? மனிதவளத் துறையிடம் பேச வேண்டுமா?" என்றார். ஹிந்திக்காரர், "சரி, நீ எந்தப் பக்கம் நிற்கப் போகிறாய்?" என்றார். இரண்டுமே நான் சொன்னது இல்லை. வியாழக்கிழமை மறுபடி பேசுவோம். இரண்டு மூன்று நிமிடத்தில் இதன் பொருளும் அந்தத் தொனியும் போய்ச் சேர வேண்டும். எப்படிச் சொல்லலாம்?

சும்மாவந்தவன்

இதுக்கு எதுக்குப்பா இவ்வளவு யோசனை? ஆங்கிலத்துல பாறைக்கும் கெட்டியான இடத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன்னு ஒரு சொலவடை இருக்கே. அதைச் சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

நடவை

அதைச் சொன்னால் ஹிந்திக்காரர் கேட்ட அதே கேள்விதான் திரும்ப வரும். அந்த ஆங்கிலச் சொலவடை, தேர்ந்தெடுக்க இருக்கிற இரண்டும் மோசம் என்கிற நிலையைச் சொல்வது. கேட்டவுடன் "எதைத் தேர்ந்தெடுத்தாய்?" என்றுதான் மனம் போகும். நம்மிடம் அதற்குப் பக்கத்தில் வருவது இருதலைக் கொள்ளி எறும்பு. குச்சியின் இரண்டு முனையிலும் நெருப்பு, எந்தப் பக்கம் ஓடினாலும் சாவு. எறும்பு ஓடப் பார்க்கிறது, அதனால் அங்கே தவிப்பு இருக்கிறது.

மத்தளம் எங்கேயும் ஓடப் போவதில்லை. அதற்குத் தேர்வு என்று ஒன்று கிடையாது. இன்றைக்கும் அடி, நாளைக்கும் அடி, அதற்குப் பிழைப்பே அதுதான். அதனால் இதில் தவிப்பைவிட அலுப்பு அதிகம், அலுப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு சிரிப்பும் இருக்கிறது. நண்பர் கூட்டத்தில் முனகியது அந்தச் சிரிப்பான அலுப்பை. போலந்துக்காரர் காதில் விழுந்தது புகார். சிரிப்பு வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

எங்கே உதிர்ந்தது என்று பார்த்தால் மூன்று இடம். முதலாவது, நீங்கள் சொன்ன வரிசை. பழமொழியை முதலில் சொல்லிவிட்டு நிலைமையை அவர்கள் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்கள். தமிழரிடம் அது நடக்கும், ஏனென்றால் அவருக்குப் பழமொழி ஏற்கெனவே தெரியும். தொல்காப்பியம் செய்யுளியலில் முதுமொழியைப் பற்றிச் சொல்லும்போது "குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம்" என்று ஒரு வரி வரும். ஒரு பொருள் ஏற்கெனவே பேச்சில் இருக்க வேண்டும், அதை முடித்துவைக்கத்தான் பழமொழி வருகிறது. பொருளே தெரியாதவரிடம் முடிப்பை மட்டும் நீட்டினால் அது அந்தரத்தில் நிற்கும்.

இரண்டாவது, மோர்ட்டார் என்ற சொல். மூன்றாவது, டிரம் என்ற சொல். இவற்றைப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலை இருக்கிறது.

குறிஞ்சிமலர்

பழமொழியே தப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். உரலுக்குத்தான் இடி. மத்தளத்தை யாரும் இடிப்பதில்லை, கையால் தட்டுவார்கள். எனவே "மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி" என்பதுதான் சரி. முதலில் இதைத் திருத்திக்கொண்டு பிறகு விளக்குங்கள். அகராதியைத் திறந்தால் இடி என்பதற்கு வானத்து இடியும் வரும், அவர் அதைப் பார்த்துக் குழம்பவும் கூடும்.

பழையசோறு

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பதை என் மேலாளருக்குச் சொல்ல வேண்டும். அது உண்மையில் சஷ்டி விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது கருப்பையில், குழந்தை வரும் என்பதுதானாம். நம் முன்னோர்கள் சொன்னதை நாம் திரித்துவிட்டோம் என்று எனக்கு வந்த செய்தியில் போட்டிருந்தது. அந்த உண்மைப் பொருளையும் சேர்த்து விளக்கினால் அவருக்குத் தமிழின் ஆழம் தெரியும் அல்லவா?

கறார்கண்ணன்

ஐயா, உங்கள் மேலாளரிடம் எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்ல வேண்டும்? திட்டத்துக்கு ஆள் குறைவு, அதனால் வேலை குறைவாக வருகிறது என்பதற்குத்தானே? அங்கே போய் விரதம், கருப்பை என்று ஆரம்பித்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மாதிரி "உண்மைப் பொருள்" செய்திகள் நிறைய சுற்றுகின்றன. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பதை ஆயிரம் வேரைக் கொண்டவன் என்பார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதில் உள்ள அடியை இறைவன் திருவடி என்பார்கள். மூலம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தச் சண்டை வேறு. ஊரில் ஒருவர் இதைச் சொல்லும்போது என்ன நினைத்துச் சொல்கிறார் என்பதுதான் வேற்று மொழிக்காரருக்கு வேண்டும். ஒரே வரிக்கு இரண்டு பொருளைக் கொடுத்தால் இரண்டையும் மறந்துவிடுவார்.

நடவை

சட்டி அகப்பைக்குத் தனி இழை போடுங்கள் பழையசோறு, அங்கே வருகிறேன். அது சுலபமான பழமொழி. பானையும் கரண்டியும் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

குறிஞ்சிமலர் சொன்னதில் பாதி சரி. "ரெண்டு பக்கமும் அடி" என்று சொல்பவர்களும் உண்டு, அது தவறில்லை. ஆனால் "இடி" தப்பு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உரலுக்கு உரிய சொல்லை மத்தளத்தின் மேலும் போட்டிருப்பதே வேண்டுமென்று செய்தது. இரண்டு துன்பத்தையும் ஒரே தராசில் வைத்தால்தானே எது கனம் என்று தெரியும்? தவிர ஒரு பக்கம், ரெண்டு பக்கம் என்று மாறுகிற இடத்தில் எண்ணுச்சொல் ஒன்றுதான் மாறுகிறது. மற்றதெல்லாம் அப்படியே திரும்பி வந்தால்தான் அந்த ஒரு சொல் காதில் விழும். ஆங்கிலத்தில் சொல்லும்போதும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்லை வையுங்கள். முதலில் குத்து, பிறகு தட்டு என்று மாற்றினால் கேட்பவர் வினையைப் பற்றி யோசிக்கப் போய்விடுவார், எண்ணிக்கையைக் கவனிக்க மாட்டார்.

இனி மோர்ட்டார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள்: இடிக்கிற உரல், செங்கல் கட்டுகிற சாந்து, குண்டு எறிகிற பீரங்கி. "அடி", "பக்கம்" என்பதெல்லாம் கூடவே வந்தால் பீரங்கி நினைப்பு வருவதில் ஆச்சரியமே இல்லை. உரல் என்று புரிந்துகொண்டாலும் மருந்துக் கடைச் சின்னத்தில் இருக்கிற கைக்கடக்கமான கிண்ணம்தான் மனதில் வரும். அதில் மிளகைப் பொடித்தால் யாருக்கு என்ன துன்பம்? நம் உரல் முழங்கால் உயரக் கல் அல்லது மரம், நடுவில் குழி. உலக்கை கிட்டத்தட்ட ஆள் உயரம், அடியில் இரும்புப் பூண் போட்டது. அதை நின்றுகொண்டு தலைக்கு மேலே தூக்கி இறக்குவார்கள். நெல் குத்த எத்தனை பேர் மாற்றி மாற்றிப் போட்டாலும் உலக்கை விழுவது அந்த ஒரு குழியில், மேலிருந்துதான். ஒரு பக்கம் என்பது இதுதான். ஆகவே பெயரை விட்டுவிட்டு வேலையைச் சொல்லுங்கள்: "தானியம் குத்துகிற பெரிய கல். ஆள் உயரத் தடியால் மேலிருந்து குத்துவார்கள்." இவ்வளவு போதும். ஆட்டுரலின் படத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள். அதில் குழவி சுற்றும், குத்தாது. பழமொழியே நின்றுவிடும்.

தாளக்கட்டு

டிரம் பக்கம் நான் வருகிறேன். வாத்தியம் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கேதான் பெரிய ஓட்டை.

டிரம் என்றதும் ஐரோப்பியருக்கு நினைவுக்கு வருவது குச்சியால் மேலே தட்டுகிற வாத்தியம். கீழேயும் தோல் இருக்கலாம், ஆனால் தட்டுவது ஒரு முகத்தைத்தான். அப்படியானால் அவர் கணக்கில் உரலும் டிரம்மும் ஒன்றுதான், இரண்டுமே மேலிருந்து அடி வாங்குகின்றன. "இரண்டு பக்கமும்" எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியாது, அதனால் அதை உருவகமாக எடுத்துக்கொண்டு "யார் அடிக்கிறார்கள்" என்று போய்விட்டார்.

ஹிந்திக்காரரிடம் ஆர்வத்தில் தபலா என்று சொல்லிவிடாதீர்கள். தபலா இரண்டு வாத்தியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகத்தில்தான் அடி. பழமொழி அங்கேயே செத்துப்போகும். டோலக் என்று சொல்லுங்கள். குறுக்கே படுத்திருக்கும், வலக்கை ஒரு முகத்தில், இடக்கை மறு முகத்தில். மத்தளம் மாதிரியே. மலையாளிகளிடம் செண்டையை உதாரணம் காட்டினாலும் சிக்கல்தான், அதை நிறுத்திவைத்துப் பெரும்பாலும் மேல்முகத்தில்தான் கொட்டுவார்கள். அவர்களிடம் மத்தளம் என்ற பெயரிலேயே வாத்தியம் உண்டு. போலந்துக்காரருக்குப் பெயரெல்லாம் வேண்டாம். "பீப்பாயைப் படுக்கப் போட்டு இரண்டு வாயிலும் தோல் கட்டியது. வாசிப்பவர் அதை மடியில் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் இரண்டு முனையிலும் அடிப்பார்." அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மத்தளம் அடி வாங்குவதால்தான் நாதம் வருகிறது. இடந்தலை இல்லாமல் வலந்தலை மட்டும் வாசித்தால் அரைகுறை. ஆகவே இந்தப் பழமொழியில் "நடுவில் இருப்பவன் அடி வாங்கினாலும் அவனால்தான் இசை" என்ற நல்ல பொருளும் இருக்கிறது. அதையும் சொன்னால் சக ஊழியருக்குப் பிடிக்கும்.

கறார்கண்ணன்

முதல் பாதி அருமை. கடைசிப் பத்தி நீங்களே கட்டியது. யாராவது அலுத்துப்போய் "என் பொழைப்பு மத்தளம் மாதிரி" என்று சொல்லும்போது அவர் இசையைப் பற்றியா பேசுகிறார்?

தாளக்கட்டு

எல்லாரும் சொல்வதில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிமத்தில் அது இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? வேண்டுமென்றால் பீப்பாய், மேசை என்று எதையாவது போட்டிருக்கலாமே. மத்தளத்தை ஏன் போட்டார்கள்?

கறார்கண்ணன்

இரண்டு பக்கமும் அடி வாங்குகிற பொருள் வீட்டைச் சுற்றி வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

எல்லைப்பாலம்

நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், நான் ஒரு தகவல் போட்டுவிட்டுப் போகிறேன். தமிழிலேயே இதற்கு உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது: "உரல் போய் மத்தளத்தோடு முறையிட்டதாம்." தெலுங்கிலும் இதே இருக்கிறது. ரோலு போய் மத்தெலயோடு மொரபெட்டுக்குன்னட்டு என்பார்கள், ரோலு என்றால் உரல். மலையாளத்திலும் உரல் மத்தளத்திடம் போய் அந்நியாயம் சொன்னதாக உண்டு. அதனால் தெலுங்கு, மலையாள சக ஊழியர்களிடம் விளக்கவே வேண்டாம். இந்த வடிவத்தைச் சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். ஹிந்திக்காரருக்கும் உரல் புதிது இல்லை. ஓக்லியில் தலையைக் கொடுத்த பிறகு மூசலுக்கு ஏன் பயம் என்று அவர்களிடம் ஒன்று உண்டு. நம் "உரலில் தலையை விட்டபின் உலக்கைக்கு அஞ்சலாமா" அப்படியே. அதனால் அவரிடம் மோர்ட்டார் என்று ஆங்கிலத்தில் சுற்றாமல் ஓக்லி என்று சொன்னாலே முடிந்தது.

நடவை

எல்லைப்பாலம், நான் தேடிக்கொண்டிருந்த சாவியைக் கொடுத்துவிட்டீர்கள். விளக்கத்துக்கு வழி அந்த உடன்பிறப்புதான்.

பாருங்கள், நண்பர் சொன்ன வடிவத்தில் இரண்டு வாக்கியம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உரலுக்கு இது, மத்தளத்துக்கு அது. நமக்குக் கேட்டவுடன் தெரிகிறது, முதல் பாதி வெறும் படிக்கட்டு, பாரம் முழுக்க இரண்டாம் பாதியில். பழகாத காதுக்கு இரண்டும் சம எடையான இரண்டு செய்தி. உரலைப் பற்றி ஏன் பேசினாய் என்றே அவர்களுக்குப் புரியாது. இதையே கதையாக்கினால் உரல் எதற்கு வந்தது என்பது தானாகத் தெரிந்துவிடும்: உரல் தினமும் இடி வாங்கி நொந்துபோய், ஆறுதல் தேடி மத்தளத்திடம் போய் அழுததாம். மத்தளம் சொன்னதாம், உனக்கு ஒரு பக்கம்தானே?

சிரிப்பு இங்கே இருக்கிறது. தவறான ஆளிடம் போய் முறையிட்டதுதான் வேடிக்கை. "முறையிட்டதாம்" என்பதன் கடைசியில் உள்ள "ஆம்" என்ற விகுதியைக் கவனியுங்கள். நான் பார்க்கவில்லை, சொல்லக் கேள்வி என்று ஒரு கண்சிமிட்டல். ஆங்கிலத்தில் அந்த விகுதி கிடையாது. ஆனால் கதை சொல்கிற தோரணையில் "ஒரு நாள்" என்று ஆரம்பித்தால் பாதியாவது வந்துவிடும்.

இதோடு பழமொழிக்கு இரண்டு உபயோகம் என்பதும் தெரிந்துவிடுகிறது. நடுவில் இருப்பவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது ஒன்று. ஒற்றைத் தொல்லையோடு வந்து நம்மிடம் புலம்புகிறவருக்கு "நீ உரல், நான் மத்தளம்" என்று பதில் சொல்வது இன்னொன்று.

பெர்சிவல் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அகரவரிசையில் வெளியிட்டார். ஜென்சன் 1897-இல் வெளியிட்ட தொகுப்பில் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினார். தேடுகிறவருக்கு அகரவரிசை வசதி. விளக்குகிறவருக்கு ஜென்சன் வழிதான் உதவும், ஏனென்றால் அங்கே பழமொழிக்கு முன்னாலேயே நிலைமை வந்துவிடுகிறது.

இரவுப்பணி

நன்றி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வரைவு எழுதினேன். ஆங்கிலத்தில் சொல்லப்போவதைத் தமிழில் போடுகிறேன்:

"தமிழ்நாட்டில் பழங்காலத்தில் நெல் குத்த உரல் என்ற கல் இருந்தது. அதை உலக்கையால் இடிப்பார்கள். மத்தளம் என்பது தென்னிந்தியத் தாள வாத்தியம், இரண்டு முகம் கொண்டது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று எங்களிடம் பழமொழி உண்டு. அதாவது சிலருக்குக் கஷ்டம் ஒரு பக்கமிருந்து வரும், சிலருக்கு இரண்டு பக்கமிருந்தும் வரும். என் வேலையில் வாடிக்கையாளர் ஒரு பக்கம், நிரலர்கள் ஒரு பக்கம்."

சரியாக இருக்கிறதா அக்கா?

நடவை

தகவல் எல்லாம் சரி. ஆனால் அருங்காட்சியகத்தில் பொருளுக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டு மாதிரி இருக்கிறது. இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள், "சுவாரசியம்" என்பார்கள். அந்தச் சொல் வந்தால் தோற்றுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைமை கடைசியில் இருக்கிறது, அதை முதலுக்குக் கொண்டுவாருங்கள். பழங்காலம், தமிழ்நாடு, தென்னிந்தியம் எல்லாம் வேண்டாம். "அதாவது" என்று தொடங்கும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள், அது சிரிப்பைக் கொல்லும் வாக்கியம். விடுகதைக்கு விடையை நீங்களே சொன்ன மாதிரி. நான் இப்படிச் சொல்வேன்:

"செவ்வாய்க்கிழமை காலையில் வாடிக்கையாளர் ஏன் இன்னும் தரவில்லை என்று என்னைக் கேட்டார். மத்தியானம் நம் ஆட்கள் ஏன் இதற்கு ஒப்புக்கொண்டாய் என்று என்னையே கேட்டார்கள். இந்த மாதிரி நாளுக்கு எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. தானியம் குத்துகிற பெரிய கல் ஒன்று, நாள் முழுக்க மேலிருந்து இடி வாங்கும். ஒரு நாள் அது தாங்க முடியாமல் மத்தளத்திடம் போய் அழுதது. மத்தளம் என்றால் மடியில் படுக்கவைத்து இரண்டு முனையிலும் அடிக்கிற வாத்தியம். மத்தளம் அதைக் கேட்டுவிட்டு, உனக்கு ஒரு பக்கம்தானா என்றது."

அங்கே நிறுத்துங்கள். இரண்டு விநாடி. அவர்களே உங்களைப் பார்ப்பார்கள். அதன் பிறகு தமிழ் வரியைச் சொல்லுங்கள், மேசையில் தட்டிக்கொண்டே. முதல் பாதிக்கு ஒரு கை, மேலிருந்து கீழே, ஒரே ஒரு குத்து. இரண்டாம் பாதிக்கு இரண்டு கையும் மாற்றி மாற்றி. காணொளியில் கை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் புரியாவிட்டாலும் ஒன்று, இரண்டு என்கிற அளவும், திரும்பி வருகிற "பக்கம் இடி"யும் காதில் விழும். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது.

சும்மாவந்தவன்

அப்போ ஹிந்தியில சக்கியோட, அதான் திரிகையோட, ரெண்டு கல்லுக்கு நடுவுல அரைபடறதுன்னு சொல்வாங்களே, அது ஆகாதா? அது ரெண்டு பக்கம்தானே?

எல்லைப்பாலம்

திரிகைக் கல் இரண்டுக்கும் நடுவே விழுந்த தானியம் மாவாகிவிடும். கபீர் அதைப் பார்த்துத்தான் அழுதார், நடுவில் சிக்கிய எதுவும் முழுசாகத் தப்பவில்லை என்று. அது அழிவைப் பற்றியது, கனமான விஷயம். நம் நண்பர் அழியவில்லை, வியாழக்கிழமை மறுபடி கூட்டத்துக்கு வருகிறார். அவரவர் மொழியில் நிகரானது ஒன்றைக் கடைசியில் கேட்கலாம், நாமே முதலில் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நம்முடையதை விட்டுவிடுவார்கள்.

குறிஞ்சிமலர்

இதில் எனக்கு உடன்பாடில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதானே கற்பிக்கும் முறை? சக்கியை முதலில் சொல்லி, "இதிலிருந்து எங்களுடையது எப்படி வேறு" என்று காட்டினால் வேகமாகப் பிடிபடும்.

நடவை

நேரம் இருந்தால் அதுவும் நடக்கும், குறிஞ்சிமலர். பத்து நிமிடப் பேச்சு என்றால் நானும் வித்தியாசத்திலிருந்தே தொடங்குவேன். கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் செய்வதற்கு யோசிக்கிறேன்.

புரிந்ததா என்று சோதிக்க "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆமாம் என்பார்கள். நான்கு ஆட்களைச் சொல்லி இவர்களில் மத்தளம் யார் என்று கேளுங்கள். இரண்டு வேலை வாய்ப்பு கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாதவர். அம்மாவும் மனைவியும் ஆளுக்கொரு குறை சொல்லும் வீட்டில் இருக்கிற கணவர். இரண்டு தேர்விலும் தோற்றவர். பிழையைக் கண்டுபிடித்தால் நிரலரிடமும், கண்டுபிடிக்காவிட்டால் வாடிக்கையாளரிடமும் பேச்சு வாங்குகிற சோதனையாளர். இரண்டாமவரும் நான்காமவரும் மத்தளம். முதல் ஆளைச் சொன்னால் இன்னும் தேர்வு என்ற பாதையிலேயே நிற்கிறார், நம் கணக்கில் அவர் மதில்மேல் பூனை. மூன்றாவது ஆளைச் சொன்னால் "இரண்டு" என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார் என்று அர்த்தம், நடுவில் இருப்பது என்கிற பகுதி போய்ச் சேரவில்லை.

கறார்கண்ணன்

ஒரு எச்சரிக்கை. இதை எங்கே சொல்லக்கூடாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பழமொழி பிடித்துப்போனால் புதிதாகக் கற்றவர் வாடிக்கையாளர் எதிரிலேயே பெருமையாக எடுத்துவிடுவார். நம்மை மத்தளம் என்றால் எதிரே இருப்பவர் யார்? அடிக்கிறவர். அடிக்கிற இரண்டு பேரில் ஒருவர் அறையில் இருந்தாலே இது நகைச்சுவையிலிருந்து குற்றச்சாட்டாக மாறிவிடும். இரண்டு பக்கமும் இல்லாத இடத்தில், அல்லது சக மத்தளங்களுக்கு நடுவில் சொல்ல வேண்டியது.

உண்மையான கஷ்டத்தோடு வருகிறவரிடம் "நீ உரல்தான்" என்ற இரண்டாவது உபயோகமும் ஆகாது. வேலை போய்விட்டது என்று ஒருவர் வந்தால் அங்கே இந்தப் பழமொழி முகத்தில் அறைந்த மாதிரி.

இரவுப்பணி, உங்கள் குழுவில் யாராவது வியாழன் கூட்டத்தில் இருக்கிறார்களா?

இரவுப்பணி

இரண்டு நிரலர்கள் இருப்பார்கள். அப்படியானால் அவர்கள் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை கதையில் "நம் ஆட்கள்" என்று வருகிறதே, அதையும் கொஞ்சம் மென்மையாக்க வேண்டும்.

இரவுப்பணி

வியாழன் முடிந்தது. அக்கா சொன்ன வரிசையில் சொன்னேன். "உனக்கு ஒரு பக்கம்தானா" என்று நிறுத்தியதும் ஹிந்திக்காரர் சிரித்துவிட்டார், டோலக்கா என்று அவரே கேட்டார். நான்கு ஆட்கள் சோதனையில் அவர் கணவரையும் சோதனையாளரையும் உடனே சொன்னார். போலந்துக்காரர் சோதனையாளரை மட்டும் சொன்னார். கணவர் ஏன் என்று விளக்க வேண்டியிருந்தது, மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் என்பதிலிருந்து தொடங்கி. அதற்கே ஒரு நிமிடம் போய்விட்டது.

மனிதவளத் துறை பேச்சு வரவில்லை. ஆனால் போலந்துக்காரர் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. "மத்தளத்தை இரண்டு பக்கமும் அடிப்பவர் ஒரே ஆள்தானே? உன்னை அடிப்பது இரண்டு பேர். அப்போது உன் கதையில் வாசிப்பவர் யார்?"

தாளக்கட்டு

பார்த்தீர்களா! வாசிப்பவர் என்று அவரே வந்துவிட்டார். இசை இருக்கிறது என்று சொன்னேனே.

கறார்கண்ணன்

அவர் இசையைக் கேட்கவில்லை ஐயா, அடிக்கிற ஆளைக் கேட்கிறார்.

நடவை

நல்ல கேள்வி. பழமொழி மத்தளத்தின் தோலில் இருந்துகொண்டு பேசுகிறது, அந்த இடத்திலிருந்து பார்த்தால் வலப்பக்கம் ஒரு கை, இடப்பக்கம் ஒரு கை, அவ்வளவுதான் தெரியும். இரண்டு கைக்கும் பின்னால் ஒரே உடம்பு இருப்பது அதற்குத் தெரியாது. நான் இப்படித்தான் பதில் சொல்வேன், ஆனால் இது அவருக்குப் போதுமா என்று தெரியவில்லை. வாடிக்கையாளர், நிரலர் இருவருக்கும் தேதியைக் குறித்துக்கொடுத்தது ஒரே ஆள் என்றால், அவர் கேட்டதற்கு வேறு பதில் இருக்கலாம்.

இரவுப்பணி

இருக்கிறது. அந்த ஆளும் அடுத்த கூட்டத்தில் இருப்பார். அதனால் இதை அங்கே சொல்லப் போவதில்லை.